பத்தொன்பது நாள் விருந்து: வெளியார் வந்தால் நடுப்பகுதி என்ன ஆகும்?

கோலாலம்பூரில் பஹாய் சமயத்தைச் சேர்ந்த ஒரு நண்பர், தன்னோடு வேலை செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார்: "திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நம்ம வீட்டுல விருந்து. முடிஞ்சா வாங்க." பெற்றவருக்கு உடனே மூன்று குழப்பங்கள். பஹாய் நாட்காட்டியைத் தேடிப் பார்த்தால் அந்த விருந்து செவ்வாய்க்கிழமை என்று போட்டிருக்கிறது. விருந்து என்றால் எவ்வளவு பெரிய சாப்பாடு, கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. போதாததற்கு, "அதுக்கு பஹாய்க்காரங்க மட்டும்தான் போகலாம்" என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வருகிறது.

முதல் இரண்டுக்கும் பதில் எளிது. மூன்றாவதுதான் விளக்கம் கேட்கிறது. அந்த "யாரோ" சொன்னது முழுக்கத் தவறு இல்லை, ஆனால் இன்றைய நிலைமையும் அது இல்லை.

## 19 எங்கிருந்து வந்தது

பஹாய் ஆண்டில் 19 மாதங்கள், மாதத்துக்கு 19 நாள்கள். பெருக்கினால் 361. மீதமுள்ள 4 அல்லது 5 நாள்கள் கடைசி மாதத்துக்கு முன்னால் 'அய்யாம்-இ-ஹா' என்ற பெயரில் தனியாக நிற்கின்றன. மாதங்களுக்குப் பஹா, ஜலால், ஜமால் என்று இறைவனின் பண்புகளே பெயர்கள்.

ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளில் ஓர் ஊரின் பஹாய்கள் கூடுவதுதான் பத்தொன்பது நாள் விருந்து. ஆண்டுக்கு 19 விருந்துகள். ஒரே ஓர் இடைவெளி மட்டும் நீளும். 18-ஆம் மாதமான முல்க் விருந்துக்கும் 19-ஆம் மாதமான அலா விருந்துக்கும் இடையே அந்த மிகை நாள்கள் புகுந்துகொள்வதால், அங்கே 23 அல்லது 24 நாள் ஆகிவிடும்.

பஹாய் சமயத்தின் சட்ட நூலான கித்தாப்-இ-அக்தாஸில், மாதம் ஒருமுறை விருந்து வைக்கும்படி அந்தச் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா சொல்கிறார். வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்க முடிந்தாலும் போதும் என்பதையும், உள்ளங்களை இணைப்பதே நோக்கம் என்பதையும் அதே இடத்தில் சேர்த்துச் சொல்கிறார். எனவே பிரியாணி அண்டாவை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பாரசீகத்தில் இந்தக் கூட்டத்துக்குள்ள பெயர் விருந்தோம்பல் என்ற பொருளைத் தருவது. தமிழில் இன்னும் அழகாகப் பொருந்துகிறது, பழந்தமிழில் 'விருந்து' என்ற சொல் சாப்பாட்டைவிட வாசலில் வந்து நிற்கும் புதியவரையே குறித்தது.

## திங்களா, செவ்வாயா

பஹாய் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் மறையும்போது தொடங்கி, மறுநாள் சூரியன் மறையும்போது முடிகிறது. 2026-இல் இஸ்ஸத் மாதத்தின் முதல் நாள் நாட்காட்டியில் செப்டம்பர் 8, செவ்வாய். அதாவது திங்கட்கிழமை மாலை கோலாலம்பூரில் ஏறக்குறைய ஏழே கால் மணிக்குச் சூரியன் மறைந்ததும் அந்த நாள் பிறந்துவிடுகிறது. திங்கள் இரவு எட்டு மணி அந்த நாளுக்குள்தான் வருகிறது. செவ்வாய் இரவு எட்டு மணி என்றால் அது மாதத்தின் இரண்டாம் நாளாகிவிடும்.

வேலை முடிந்து வருபவர்களுக்கு வசதி என்பதால் இங்கே பெரும்பாலும் முந்தைய நாள் இரவையே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் நாளில் முடியாதபோது அதே மாதத்துக்குள் இன்னொரு நாளில் வைப்பதும் உண்டு. ஆகவே நாட்காட்டியைவிட அழைத்தவர் சொன்ன நாளையே நம்புங்கள்.

பழைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவதும் சிக்கல். 2015 முதல் உலகெங்கும் பஹாய் ஆண்டுப் பிறப்பான நவ்ரூஸ், தெஹ்ரானில் வசந்த சமஇரவுப் புள்ளி எந்த நாளில் விழுகிறதோ அதை வைத்தே குறிக்கப்படுகிறது. அது மார்ச் 20 ஆகவும் வரும், 21 ஆகவும் வரும். 2025-இல் 20, 2026-இல் 21. அதனால் போன ஆண்டு செப்டம்பர் 7-இல் வந்த இஸ்ஸத் விருந்து இந்த ஆண்டு 8-க்கு நகர்ந்திருக்கிறது. பிற விருந்துகளும் பெரும்பாலும் அப்படியே ஒரு நாள் தள்ளிப் போகும்.

## மூன்று பகுதிகள்

1. வழிபாட்டுப் பகுதி. பிரார்த்தனைகளும் திருவாக்குகளும் வாசிக்கப்படும். பஹாவுல்லா, அவருடைய முன்னோடியான பாப், மகன் அப்துல்-பஹா ஆகியோரின் எழுத்துகளே பெரும்பாலும் இருக்கும். பைபிள், குர்ஆன் போன்ற பிற சமய வேதங்களிலிருந்தும் வாசிக்கலாம். பூசாரியோ போதகரோ கிடையாது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோலாலம்பூர் வீடுகளில் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று, மாண்டரினில் ஒன்று என்று மாறி மாறி வருவது சாதாரணம். இசைக்கும் இடம் உண்டு. தீபாராதனை, பிரசாதம், காணிக்கைத் தட்டு எதுவும் இல்லை.

2. நிர்வாகப் பகுதி. ஊர் பஹாய்களின் நிர்வாகக் குழுவான ஆன்மீகச் சபை தன் வேலைகளையும் திட்டங்களையும் சிக்கல்களையும் கூடியிருப்பவர்களிடம் சொல்லும். தேசியச் சபையிலிருந்தும் உலக மையத்திலிருந்தும் வந்த செய்திகள் பகிரப்படும். பிறகு கலந்தாலோசனை.

3. தோழமைப் பகுதி. பலகாரம், பானம், பாட்டு, பேச்சு. வீட்டுக்காரர் கேசரியும் வடையும் வைக்கலாம், மீ ஹூன் பிரட்டலாம், தே தாரிக் மட்டும் கொடுத்தாலும் விருந்து விருந்துதான். மது இருக்காது.

வழிபாடு முதலில், பேச்சு நடுவில், பலகாரம் கடைசியில் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு. பிரார்த்தனையில் மனம் அடங்கிய பிறகு ஊர் விவகாரம் பேசினால் குரல்கள் உயர்வது குறையும். பேசும்போது கருத்து மாறுபட்டவர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் ஒரே தட்டிலிருந்து வடை எடுத்துக்கொள்வார்கள். பசிக்கிறதே என்று பலகாரத்தை முன்னால் கொண்டுவந்தால், சாப்பிட்டவர்களில் சிலர் கிளம்பிவிட, கலந்தாலோசனைக்கு ஆளில்லாமல் போகிறது.

## நடுப்பகுதி ஏன் வீட்டுக்குள் பேசும் பேச்சு

வெளியார் பற்றிய கேள்வி முழுவதும் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் யார் உட்கார்ந்தாலும் எதுவும் மாறப்போவதில்லை.

பஹாய் சமயத்தில் குருமார் இல்லாததால், ஊர் நிர்வாகம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஒன்பது பேர் கொண்ட உள்ளூர் ஆன்மீகச் சபையின் கையில் இருக்கிறது. அந்த ஒன்பது பேரைச் சாதாரண உறுப்பினர் நேருக்கு நேர் கேள்வி கேட்கவும், "இந்தத் திட்டம் சரியாக நடக்கவில்லை" என்று சொல்லவும், யோசனை வைக்கவும் உள்ள வழக்கமான மேடை விருந்தின் நடுப்பகுதிதான். அங்கே ஒருவர் வைக்கும் யோசனையைக் கூடியிருப்பவர்களில் பெரும்பான்மையினர் ஏற்றால், அது ஊரின் பரிந்துரையாகக் குறிக்கப்பட்டுச் சபைக்குப் போகும். விருந்தில் முடிவு எடுப்பதில்லை. சபை தனியே கூடி ஆலோசித்துத் தீர்மானித்து, அடுத்த விருந்தில் பதில் சொல்லும்.

இப்படிப்பட்ட இடத்தில் அரைகுறையான பேச்சு வரும். குறை வரும். சில நேரம் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான மனத்தாங்கலும் எட்டிப்பார்க்கும். அறிமுகமில்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். ஆதலால்தான் நீண்ட காலம், விருந்து பஹாய்களுக்கு மட்டும் என்பது பொது விதியாக இருந்தது. தெரியாமல் ஒருவர் வந்துவிட்டால் நடுப்பகுதியை அன்று கைவிடுவார்கள், அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் அவரை விலகியிருக்கச் சொல்வார்கள். முதல் வழியில் ஊருக்கு 19 நாள் பேச்சு நட்டம். இரண்டாவது வழியில் வந்தவர் மனம் நோகும். வீட்டுக்கு வந்தவரைக் கூடத்திலிருந்து எழுப்பி வராந்தாவில் உட்காரச் சொல்வது எந்தத் தமிழ் வீட்டுக்கும் சங்கடமான காரியம்.

## 2009-இல் வந்த மாற்றம்

பஹாய் சமயத்தின் உச்ச அமைப்பு, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருக்கும் உலக நீதிமன்றம். 2009 மே 17-இல் அது எழுதிய கடிதம் மூன்றாவது ஒரு வழியைக் காட்டியது. வெளியார் வந்திருந்தால் நடுப்பகுதியைக் கைவிடவும் வேண்டாம், அவரை எழுப்பவும் வேண்டாம். அந்தப் பகுதியையே சற்று மாற்றி அமைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ச் செய்திகள், தேசியச் செய்திகள், சேவைத் திட்டங்கள், நிதி போன்ற பொதுவான விஷயங்கள் வழக்கம்போலப் பேசப்படும். நாசூக்காகக் கையாள வேண்டிய சிக்கல்கள் மட்டும், உறுப்பினர்கள் தாராளமாகப் பேசக்கூடிய இன்னொரு வேளைக்குத் தள்ளிவைக்கப்படும். வீட்டில் சிலர் பஹாய், சிலர் பஹாய் அல்லர் என்ற குடும்பத்தில் விருந்து நடக்கும்போதும் இதே முறையைப் பின்பற்றலாம். கணவர் இந்து, மனைவி பஹாய் என்ற வீட்டில், சொந்த வீட்டுக் கூடத்திலேயே கணவர் எழுந்து போக வேண்டிய நிலை இதனால் இல்லாமல் போனது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருந்தின் அடிப்படை இயல்பு மாறவில்லை. அது இன்றும் ஊர் பஹாய்களின் உள்கூட்டம்தான். முகநூலில் "அனைவரும் வருக" என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை. வருகிறவர் ஏதோ ஒரு நட்பின் வழியாக வருகிறார். வந்தவர் அன்போடு வரவேற்கப்படுகிறார். பொது மக்கள் எல்லாருக்கும் திறந்த கூட்டங்கள் வேறு: பிரார்த்தனைக் கூட்டங்கள், படிப்பு வட்டங்கள், புனித நாள் கொண்டாட்டங்கள். ஒருவருக்கு பஹாய் சமயத்தைப் பற்றி அறிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் அவைதான் பொருத்தம்.

## செந்தூலில் ஒரு திங்கள் இரவு

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு மாலையைக் கற்பனை செய்வோம். இடம் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. பெரியவர்கள் பதினான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர், பஹாய் அல்லாத நண்பர் ஒருவர். அவர் வருவதை வீட்டுக்காரர் சனிக்கிழமையே சபைச் செயலாளரிடம் சொல்லிவிட்டார். செயலாளர் கையில் அன்றைய நடுப்பகுதிக்கு ஐந்து விஷயங்கள் இருக்கின்றன:

1. தேசியச் சபையின் கடிதம்.
2. பிள்ளைகள் வகுப்பின் அறிக்கை.
3. அடுத்த மாதம் அடுக்குமாடியில் நடத்தவிருக்கும் துப்புரவுப் பணிக்கு யோசனை கேட்பது.
4. பொருளாளரின் நிதி அறிக்கை.
5. வகுப்பு ஆசிரியர் ஒருவர் விலகிக்கொண்டது, அதன் பின்னாலிருக்கும் இரண்டு குடும்பங்களின் கருத்து வேறுபாடு.

முதல் நான்கும் அப்படியே இருக்கலாம். நிதி அறிக்கை சிலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் 2009 கடிதம் நிதியைப் பொதுவான விஷயங்களோடுதான் சேர்க்கிறது. ஐந்தாவதுதான் கத்தி முனை. நுணுக்கம் என்னவென்றால் இரண்டாவதும் ஐந்தாவதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் வகுப்பு என்று தொடங்கினாலே யாராவது, "ஆமா, டீச்சர் ஏன் நின்னுட்டாங்க?" என்று கேட்பார்கள். இதை முன்கூட்டியே பார்த்த செயலாளர் அறிக்கையை இரண்டாகப் பிரிக்கிறார். எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், என்ன பாடம் நடக்கிறது என்பதை இன்று சொல்வார்கள். ஆசிரியர் விஷயத்துக்கு வேறொரு நாள் குறித்துக்கொள்வார்கள். கூட்டத்தை நடத்துபவருக்கும் திங்கள் மதியமே இதைத் தெரிவித்துவிடுகிறார்.

எட்டு மணிக்குக் கூட்டம் தொடங்குகிறது. வழிபாடு இருபத்தைந்து நிமிடம். நடுப்பகுதியில் எதிர்பார்த்தபடியே ஒரு மூத்தவர், "அந்த டீச்சர் விஷயம்..." என்று ஆரம்பிக்கிறார். நடத்துபவர், "ஐயா, அதுக்குச் சபை தனியா ஒரு நாள் வச்சிருக்கு, அப்போ விரிவாப் பேசலாம்" என்கிறார். அவ்வளவுதான். விருந்தினர் இருக்கிறார் என்று காரணம் சொல்லவில்லை, அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த ஒரு பார்வைதான் வந்தவரைக் குறுகச் செய்யும்.

துப்புரவுப் பணிக்கு யோசனை கேட்டபோது விருந்தினரும் தயக்கத்தோடு ஒன்று சொல்கிறார்: ஞாயிறு காலையைவிடச் சனி மாலை வைத்தால் மேல்மாடி வீட்டுக்காரர்களும் சேருவார்கள். அதைக் கேட்டுக்கொள்ளலாம், பலர் அதையே ஆதரிக்கவும் செய்யலாம். ஆனால் அதைப் பரிந்துரையாக ஏற்றுச் சபைக்கு அனுப்புவது பஹாய்களின் பொறுப்பு. கை தூக்கும் நேரம் வந்தால் விருந்தினர் சும்மா இருப்பதே முறை.

## எங்கே தவறிப்போகிறது

பெரும்பாலான சங்கடங்களுக்குக் காரணம் முன்கூட்டிச் சொல்லாததுதான். விருந்தினர் திடீரென்று வந்தால் நடத்துபவர் பட்டியலை அந்த நிமிடத்தில் மனத்துக்குள் திருத்த வேண்டியிருக்கிறது. எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். நடுப்பகுதி ஐந்து நிமிட அறிவிப்பாகச் சுருங்கிவிட்டது என்றால் நடந்தது இதுதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறு, வந்தவருக்காக விருந்தையே அறிமுக வகுப்பாக மாற்றிவிடுவது. பஹாய் வரலாறு என்ன, பஹாவுல்லா யார் என்று அரைமணி நேரம் ஒருவர் விளக்கத் தொடங்குவார். நல்லெண்ணம்தான். ஆனால் அன்று மாலை சபையிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று வந்த உறுப்பினர் வாய் திறக்காமலே வீடு திரும்புகிறார். விளக்கங்களைப் பலகார நேரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, தள்ளிவைத்த விஷயம் காணாமல் போவது. இதுதான் எல்லாவற்றிலும் தீங்கானது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு விருந்துக்கும் யாராவது விருந்தினர் வருகிற ஊரில், வேறு நாள் குறிக்காமலே "அப்புறம் பேசலாம்" என்று விட்டுவிட்டால், சிக்கலான பேச்சு மாதக்கணக்கில் நடக்காது. பிறகு அது கூடத்தில் பேசப்படாமல் கார் நிறுத்துமிடத்தில் பேசப்படும். அடையாளம் எளிது: விருந்து முடிந்த பிறகு கீழே இரண்டு இரண்டு பேராக நின்று நெடுநேரம் பேசுகிறார்கள் என்றால், மேலே பேச இடம் கிடைக்கவில்லை. தள்ளிவைக்கும்போதே தேதியைச் சொல்லிவிடுவதுதான் மருந்து.

பெரிய நகரங்களில் இன்னொரு நுணுக்கம். ஒரே விருந்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் பல வீடுகளில் வைக்கும்போது, ஒரு வீட்டில் விருந்தினர் இருந்து ஒரு விஷயம் தள்ளிவைக்கப்பட, இன்னொரு வீட்டில் அதே விஷயம் பேசப்பட்டுவிடலாம். சபைக்குப் பாதிக் கருத்துத்தான் வந்து சேரும். எனவே எதைத் தள்ளுவது என்பதை எல்லா வட்டாரங்களுக்கும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

## போக நினைக்கிறவருக்கு

1. அழைத்தவரிடம் வருவதை இரண்டு மூன்று நாள் முன்பே உறுதிசெய்யுங்கள். அழைப்பு இல்லாமல் ஆர்வம் மட்டும் இருந்தால், தெரிந்த பஹாய் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

2. குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள். வழிபாட்டின் நடுவில் கதவு திறப்பது எல்லாருக்கும் இடைஞ்சல். தாமதமானால் வாசிப்பு ஒன்று முடியும்வரை வாசலில் நின்று, பிறகு உள்ளே வாருங்கள்.

3. உடைக்குத் தனி விதி இல்லை, தலையை மூட வேண்டியதில்லை. விழுந்து வணங்குவதோ ஒரு திசை நோக்கி அமர்வதோ கிடையாது. அமைதியாக உட்கார்ந்து கேட்டால் போதும். வாசிக்கச் சொன்னால் வாசிக்கலாம், கூச்சமாக இருந்தால் "நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிடலாம்.

4. பணம் கொடுக்க வேண்டாம். பஹாய் நிதிக்குப் பஹாய்கள் மட்டுமே நன்கொடை அளிக்க முடியும். நிதி அறிக்கை வாசிக்கப்பட்டதும் மரியாதைக்காகப் பத்து ரிங்கிட்டை எடுத்து நீட்டினால் அன்போடு மறுத்துவிடுவார்கள். பொருளாளர் உங்களைத் தாண்டிப் போனால் அதில் அவமதிப்பு ஏதுமில்லை. பழமோ பலகாரமோ கொண்டுபோக விரும்பினால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேளுங்கள். பஹாய்ப் பிள்ளைகள் விருந்தில் கலந்துகொள்வது வழக்கம், ஆகவே பெரும்பாலும் பதில் ஆம் என்றே வரும்.

6. மார்ச் தொடக்கத்தில் வரும் அலா விருந்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் முழுவதும் பஹாய்கள் சூரிய உதயம் முதல் மறைவு வரை நோன்பு இருக்கிறார்கள். சூரியன் மறைந்த பிறகு கூடும் விருந்தில் பலகாரம் வழக்கம்போல இருக்கும். பகலில் கூடினால் உண்ண எதுவும் வராது.

செப்டம்பர் 7 திங்கள் இரவு போக முடியாமல் போனால், அடுத்தது மஷிய்யத் மாத விருந்து. நாட்காட்டியில் செப்டம்பர் 27, ஞாயிறு. அழைப்பு அநேகமாகச் சனிக்கிழமை இரவுக்கு வரும்.